ஒரே மாநகராட்சி, வேறு பட்டியல்: மந்தைவெளியிலிருந்து பெருங்குடிக்கு மாறிய ஒரு வீட்டின் கதை

2023 ஜூனில் அந்தக் குடும்பம் மந்தைவெளியிலிருந்து பெருங்குடிக்கு வீடு மாறியது. கணவர், மனைவி, கணவரின் அம்மா, அப்போது பதினொன்றாம் வகுப்புக்குப் போகவிருந்த மகள் என நான்கு பேர். இரண்டுமே வாடகை வீடுகள், இரண்டுமே சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்குள் இருப்பவை. கேஸ் இணைப்பை மாற்றினார்கள், மகளுக்கு வேறு பள்ளி பார்த்தார்கள், கணவர் தன் ஆதாரிலும் புது முகவரியை ஏற்றிவிட்டார். வாக்காளர் பட்டியலை மட்டும் யாரும் நினைக்கவில்லை. பிறகு கேட்டபோது அவர் சொன்னது: "ஊர் மாறலையே சார், வார்டுதானே மாறுச்சு."

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் வாக்காளர் படிவங்களை நிரப்பித் தரும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். வாடகைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதையேதான் சொல்கிறார்கள். இந்த வீட்டின் கதையை முழுதாக எழுதக் காரணம் உண்டு. வீடு மாறியவுடன் ஆளுக்கு ஒரு படிவத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, இரண்டரை ஆண்டு தள்ளிப்போனதில் ஒரே வீட்டுக்குள் வெவ்வேறு வழிகளாகப் பிரிந்துபோனது.

தவறு ஏன் கண்ணில் படவில்லை

2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தல். மூன்று பேரும் பெருங்குடியிலிருந்து கிளம்பி மந்தைவெளிக்குப் போய், பழைய பள்ளியிலேயே வாக்களித்துவிட்டு வந்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தது, அட்டை கையில் இருந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. வேட்பாளர்கள்கூடப் பெருங்குடி அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்ட அதே வேட்பாளர்கள்தான். தென்சென்னை மக்களவைத் தொகுதிக்குள் விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. மந்தைவெளி மயிலாப்பூர் தொகுதியில் வருகிறது, பெருங்குடி சோழிங்கநல்லூரில். எம்.பி. ஒருவரே என்பதால், எம்.எல்.ஏ. தொகுதி மாறியதே அவர்களுக்கு உறைக்கவில்லை.

வாக்காளர் பட்டியல் சட்டமன்றத் தொகுதி வாரியாகத்தான் தயாராகிறது. தொகுதிக்குள் பாகங்கள், ஒரு பாகத்துக்கு ஒரு வாக்குச்சாவடி, பாகத்துக்குள் தெரு வாரியாகப் பிரிவுகள், ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண். மாநகராட்சி வார்டு என்பது இந்த அடுக்கில் இல்லை. அதனால் வார்டு மாறுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சட்டமன்றத் தொகுதி மாறியதா என்பதை. ஒரே தொகுதிக்குள் இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தாலும் பாகம் மாறியிருக்கலாம், அப்போதும் முகவரியைத் திருத்தத்தான் வேண்டும்.

இந்த வீட்டுக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. சென்னை மாநகராட்சி 2011-இல் சுமார் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதுதான் பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் அதற்குள் வந்தன. ஆனால் தேர்தல் நிர்வாகத்தில் மயிலாப்பூர் உள்ளிட்ட 16 தொகுதிகளுக்கு மாவட்டத் தேர்தல் அலுவலர் சென்னை மாநகராட்சி ஆணையர். சோழிங்கநல்லூர் தொகுதிக்கோ செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர். வீட்டு வரி கட்டுவதும் குப்பை அள்ளுவதும் ஒரே மாநகராட்சியில். தேர்தல் கணக்கில் இந்தக் குடும்பம் மாவட்டமே மாறிவிட்டது. மாநகராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டபோது "இங்க இல்லீங்க" என்று அவர்களைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் இதுதான்.

2023-இல் செய்திருக்க வேண்டியது

2022 ஆகஸ்ட் 1 முதல் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 மட்டும்தான். அதற்கு முன் தொகுதிக்குள் மாறினால் 8ஏ, தொகுதி விட்டுத் தொகுதி போனால் படிவம் 6 என்று இருந்தது. அந்தப் பழைய நினைவில் இன்னும் பலர் படிவம் 6 போடுகிறார்கள். படிவம் 6 இப்போது புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு. ஏற்கெனவே பெயர் உள்ளவர் அதைப் போட்டால், பழைய இடத்தில் பெயர் அப்படியே இருக்க, புதிய இடத்தில் இரண்டாவது பதிவு முளைக்கும். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவாகக் கூடாது என்கிறது. படிவத்தின் கீழே கையெழுத்திடும் உறுதிமொழி பொய்யானால் 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

படிவம் 8-இல் 'குடியிருப்பு மாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தொகுதிக்குள்ளா வெளியேயா என்று குறித்து, புதிய முகவரியையும் அதற்கான சான்றையும் கொடுத்தால் போதும். விண்ணப்பம் போவது புதிய தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலரிடம். அவர் ஏற்றுக்கொண்டு பழைய தொகுதி அலுவலருக்குத் தெரிவிக்க, அங்கே பெயர் நீக்கப்படும். நீக்கலுக்கென்று நாம் தனியாகப் படிவம் 7 போட வேண்டியதில்லை. voters.eci.gov.in தளத்திலோ ECINET செயலியிலோ செய்யலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாளிலும் கொடுக்கலாம்.

புது வீட்டில் ஆறு மாதம் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. சட்டம் கேட்பது அங்கே 'வழக்கமாகக் குடியிருப்பவர்' என்பதை மட்டும்தான், மாதக் கணக்கு எதுவும் அதில் இல்லை. சொந்த வீடாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சொல்லப்போனால், ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 20-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. வாடகைக்கு இருக்கிறோம், நமக்கு இங்கே என்ன உரிமை என்று தயங்குகிறவர்களிடம் இந்த ஒரு பிரிவைத்தான் நான் முதலில் சொல்வேன்.

2025 நவம்பர்

வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்துப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கியது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் பெயரும் பழைய முகவரியும் அச்சிட்ட கணக்கெடுப்புப் படிவம் வீடு தேடிப் போனது. இந்த மூவரின் படிவங்களும் மந்தைவெளி வீட்டுக்குத்தான் போயின. அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. "அவங்க காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப நாளாச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அலுவலர் 'இடம்பெயர்ந்தவர்' என்று குறித்துக்கொண்டார். அது உண்மைதான், அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவின் படிவம் மட்டும் வேறு வழியில் போனது. அவருடைய இளைய மகன் அதே தெருவில் இருக்கிறார். அம்மா அவ்வப்போது அங்கே வந்து தங்குவதால் அவர் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது மயிலாப்பூர் தொகுதியில் அம்மாவின் பெயர் இருந்தது, பெருங்குடியில் இருக்கும் மகனும் மருமகளும் இல்லை.

அந்த வரைவில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் போக, அவற்றில் சுமார் 66 லட்சம் பெயர்கள் இடம்பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற வகையில் வந்தன. அவர்களில் எத்தனையோ பேர் இந்தக் கணவன் மனைவியைப் போல அதே நகரத்தில், பேருந்தில் போகும் தூரத்தில்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

ஒரே வீடு, வெவ்வேறு வழிகள்

அவர்கள் என்னிடம் வந்தது வரைவு வெளியான பிறகு. வந்தவுடன் செய்தது electoralsearch.eci.gov.in தளத்தில் ஒவ்வொருவரின் அட்டை எண்ணையும் தேடியது. அட்டை கையில் இருப்பது எதையும் நிரூபிக்காது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அம்மாவின் எண்ணுக்கு மயிலாப்பூர் தொகுதியும் பாகமும் வரிசை எண்ணும் வந்தன. மற்ற இருவருக்கும் எந்தப் பதிவும் வரவில்லை. பாகம் வாரியாக வெளியிட்டிருந்த நீக்கப்பட்டோர் பட்டியலைத் திறந்தால் இருவர் பெயருக்கும் எதிரே 'இடம்பெயர்ந்தவர்' என்று இருந்தது.

இங்கேதான் வழிகள் பிரிந்தன. பட்டியலில் பெயர் இருந்த அம்மாவுக்குப் படிவம் 8. பெயரே இல்லாத கணவனுக்கும் மனைவிக்கும் படிவம் 8 பயன்படாது. இல்லாத பதிவை இடம் மாற்ற முடியாது அல்லவா. அவர்களுக்குப் படிவம் 6, கூடவே திருத்தப் பணிக்காகக் கேட்கப்பட்ட உறுதிமொழிப் படிவம். அதில் முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்த விவரத்தைத் தர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்கு அது 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்கள். அம்மாவின் பெயர் பழைய பட்டியலில் கிடைத்ததால் கணவருக்கு அது எளிதாக முடிந்தது. மனைவி தன் பிறந்த வீட்டு ஊர்ப் பட்டியலில் அப்பா பெயரைத் தேட வேண்டியிருந்தது.

மகளுக்கு 2025 செப்டம்பரில் 18 வயது நிறைந்திருந்தது. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உண்டு. இந்தத் திருத்தத்துக்கு 2026 ஜனவரி 1 என்று வைத்திருந்ததால் அவளும் தகுதியானவள்தான். அவளுக்கும் படிவம் 6, உறுதிமொழியோடு. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று போதும்.

முகவரிச் சான்று

வாடகை வீட்டுக்காரர்களின் விண்ணப்பம் பெரும்பாலும் தடுக்கி நிற்பது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

படிவம் ஏற்கும் சான்றுகள் இவை: அந்த முகவரியின் குடிநீர், மின்சாரம் அல்லது கேஸ் இணைப்பு ரசீது, அதுவும் குறைந்தது ஓராண்டாவது ஆனதாக, ஆதார், வங்கி அல்லது அஞ்சலகத்தில் நடப்பில் உள்ள கணக்கின் புத்தகம், பாஸ்போர்ட், வருவாய்த் துறையின் நில ஆவணம், வாடகைதாரருக்குப் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், சொந்த வீட்டுக்காரருக்குப் பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம்.

சென்னையில் வழக்கமாகப் போடுவது பத்திரத்தாளில் எழுதிய பதினொரு மாத ஒப்பந்தம். அது பதிவு செய்யப்பட்டது அல்ல. இவர்களிடம் இருந்ததும் அதுதான். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. கேஸ் இணைப்பு கணவர் பெயரில் இருந்தது, ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது, ஆதாரும் புது முகவரியில். ஆகவே கணவருக்குச் சிக்கலில்லை.

மனைவியின் ஆதார் இன்னும் மந்தைவெளி முகவரியில். "அவர் பேர்ல இருக்கிற கேஸ் பில்லையே எனக்கும் வச்சிடலாமே" என்று கேட்டார். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, வயது வந்த பிள்ளை ஆகியோர் பெயரில் உள்ள சான்றையும் படிவம் ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அவர் அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராகப் பதிவானவராக இருக்க வேண்டும். கணவரே இன்னும் அங்கே பதிவாகவில்லை, எனவே அவருடைய ரசீது மனைவிக்கு உதவாது. படிவத்தில் சின்ன எழுத்தில் உள்ள இந்த நிபந்தனையைக் கவனிக்காமல் குடும்பம் முழுவதற்கும் ஒரே ரசீதின் நகலை இணைத்துவிடுகிறார்கள், ஒருவர் விண்ணப்பம் தேறி மற்றவர்களுடையது நின்றுவிடுகிறது.

மனைவிக்கு ஒரு வங்கிக் கணக்கு இருந்தது. கிளையில் முகவரி மாற்றிப் புதுப் பக்கம் அச்சிட்டு வாங்கியதில் பிரச்சினை தீர்ந்தது. ஆதாரில் மாற்றம் வரும்வரை காத்திருப்பதைவிட இதையே பலருக்கும் நான் சொல்வேன். அம்மாவின் முதியோர் சேமிப்புக் கணக்கு அஞ்சலகத்தில் இருந்தது, அதே வழியில் அவருக்கும் முடிந்தது. மகளின் ஆதாரை அப்பாவோடு சேர்த்தே மாற்றியிருந்தார்கள். எந்தச் சான்றுமே கிடைக்காதவர் விண்ணப்பிக்கவே முடியாது என்பதில்லை. அப்போது அலுவலர் நேரில் வந்து குடியிருப்பை உறுதி செய்வதுதான் ஆதாரமாகிறது.

நேரில் வந்து பார்ப்பது

விண்ணப்பித்தவுடன் ஒரு குறிப்பு எண் வரும். அதை வைத்து நிலையைத் தொடர்ந்து பார்க்கலாம்: விண்ணப்பம் வந்தது, வாக்குச்சாவடி அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது, கள ஆய்வு முடிந்தது, ஏற்கப்பட்டது அல்லது நிராகரிக்கப்பட்டது. இடையில் விண்ணப்பங்களின் பட்டியல் ஆட்சேபணைக்காக ஏழு நாள் ஒட்டி வைக்கப்படும். அவசரப்படுத்தினாலும் அந்த ஏழு நாளைக் குறைக்க முடியாது.

மூன்று விண்ணப்பங்கள் நகர்ந்தன, மகளுடையது கள ஆய்வில் நின்றது. அவளே செல்போனில் நிரப்பியபோது குடியிருப்பின் பெயரையும் தெருவையும் எழுதி, பிளாக்கையும் வீட்டு எண்ணையும் விட்டிருந்தாள். நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ள வளாகத்தில் அலுவலர் யாரை எங்கே தேடுவார்? காவலாளி "அந்தப் பேர்ல தெரியலையே" என்று அனுப்பிவிட்டார். இப்படித் திரும்பிப் போகும் ஒரு வருகை, 'விண்ணப்பதாரர் அங்கு வசிக்கவில்லை' என்ற அறிக்கையாகி நிராகரிப்பில் முடியக்கூடும். நிலைப் பக்கத்தில் 'கள ஆய்வு' என்பதிலேயே நாள்கணக்கில் நிற்பதுதான் இதற்கு அறிகுறி. செயலியில் அந்தப் பாகத்தின் அலுவலரைத் தொலைபேசியில் பேசக் கேட்கும் வசதி உண்டு. 1950 எண்ணிலும் கேட்கலாம். அவள் கேட்டாள், அலுவலர் கூப்பிட்டார், மறுபடி வந்தார். அவர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் மாடி ஏறி இறங்குகிறவர். 2025 ஜனவரிப் பட்டியலில் சோழிங்கநல்லூரில் சுமார் 6.9 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள், மாநிலத்திலேயே பெரிய தொகுதி. அவருக்கு முழு முகவரியைக் கொடுப்பது நம் கடமை.

பிளாக் எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய வளாகங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பாகங்களில் பிரிந்திருக்கலாம். ஒரே வீட்டில் மூவருக்கு ஒரு பள்ளியிலும் நாலாமவருக்கு வேறு பள்ளியிலும் வாக்குச்சாவடி விழுவது இப்படித்தான். விண்ணப்பிக்கும்போது அதே வாசலில் ஏற்கெனவே பதிவான அண்டை வீட்டுக்காரர் ஒருவரின் பாக எண்ணைக் கேட்டுவைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இவர்கள் நால்வருக்கும் அப்படிப் பார்த்து ஒரே பாகம் என்று உறுதி செய்தோம்.

ஏற்கப்பட்ட பிறகு அம்மாவின் எண்ணை மறுபடி தேடினோம். அட்டை எண் அதேதான், இப்போது சோழிங்கநல்லூர் என்று வந்தது. மயிலாப்பூர் தொகுதியின் அந்தப் பழைய பாகத்தையும் திறந்து பார்த்தோம். முதலில் பழைய பெயர் அங்கேயே இருந்தது. இரு அலுவலகங்களுக்கும் இடையே தகவல் போய் நீக்கம் ஏறச் சில நாள் இடைவெளி விழுவது உண்டு. சற்றுப் பொறுத்துப் பார்த்தபோது நீங்கியிருந்தது. நீங்காமலே இருந்திருந்தால் பழைய தொகுதி அலுவலருக்கு எழுதிக் கேட்டிருப்போம்.

கால எல்லையும் மேல்முறையீடும்

தேர்தல் அறிவித்த பிறகும் பெயர் சேர்க்கலாம், ஆனால் வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் எதையும் சேர்க்கவோ மாற்றவோ 23-ஆவது பிரிவு இடம் தருவதில்லை. ஏழு நாள் ஆட்சேபணையும் கள ஆய்வும் இருப்பதால், கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும். விளம்பரங்களைப் பார்த்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் வாய்ப்பை இழக்கிறார்கள்.

நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் முடிவின்மீது 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். பெருங்குடிக்காரர்கள் போக வேண்டியது செங்கல்பட்டுக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வார்டுக்கு எப்போது வருகிறோம்

கவுன்சிலர் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. ஆனால் அதற்கென்று வீடு வீடாகப் போய்த் தனிப் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். 2022 பிப்ரவரி 19 அன்று சென்னையின் 200 வார்டுகளுக்கும் நடந்த தேர்தல் இப்படித்தான் நடந்தது. இந்தக் குடும்பம் மயிலாப்பூர்ப் பட்டியலிலேயே இருந்திருந்தால், அடுத்த மாநகராட்சித் தேர்தலில் தாங்கள் குடியில்லாத மந்தைவெளி வார்டுக்குக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பெருங்குடித் தெருவில் மழைநீர் தேங்குவதைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டுமோ, அவரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு இருந்திருக்காது. எம்.பி. தேர்தலில் தெரியாமல்போன வேறுபாடு கவுன்சிலர் தேர்தலில் முழுதாகத் தெரியும்.

வார்டு எல்லையும் பாக எல்லையும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. பிரிக்கும்போது தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டிலும் மறு பக்கம் அடுத்ததிலும் போகலாம். ஆகவே இந்த நால்வரிடமும் நான் எழுதிக் கொடுத்திருப்பது இரண்டு எண்கள்: அவர்களுடைய பாக எண், அந்தத் தெரு வரும் மாநகராட்சி வார்டு எண். வார்டுப் பட்டியல் வெளியாகும்போது இரண்டையும் பொருத்திப் பார்த்து, வேறு வார்டில் பெயர் விழுந்திருந்தால் வேட்புமனு தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.